பத்து நாள் கணக்கு

(நெய்வேலி நகரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த அவையில் இரத்தவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் அச்சிடப்படுகிறது.)



நம் ஊரில் ஒருவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் முதல் பழி வெயில்மேல்தான் விழும். ‘சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு, உடம்புச் சூடு’ என்பார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மே மாதத்தில் சுரங்கத்துக்குள் நின்று வேலை பார்த்தவருக்கு அது நம்பும்படியாகவும் இருக்கும். வறண்ட காற்றில் மூக்கின் உள்தோல் வெடித்து ரத்தம் கசிவது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு ஐப்பசி மழையிலும் மூக்கில் ரத்தம் வருகிறது. எங்கே இடித்துக்கொண்டோம் என்ற நினைவே இல்லாமல் தொடையிலும் முழங்கையிலும் ஊதாவாகக் கன்றியிருக்கிறது. பல் துலக்கினால் பிரஷ் சிவக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வெயிலை விட்டுவிட வேண்டும். தேட வேண்டிய இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. தினமும் குடிப்பவரின் மஜ்ஜையில் என்ன நடக்கிறது, அதை ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்தே எப்படிப் படிப்பது, இதுதான் இன்றைய பேச்சு.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இவர் தனி ஆள் அல்ல. இப்படி வருகிற பலரைச் சேர்த்துப் பின்னிய ஓர் உருவம். அதனால் ‘எந்த வட்டத்து ஆளு’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டாம். வயது 46. கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. பதினைந்து வருடமாக, இரண்டாம் ஷிஃப்ட் முடிந்தால் ஒரு குவாட்டர் பிராந்தி. வார விடுமுறையில் இரண்டு. மகளின் கல்யாணப் பேச்சு முறிந்த பிறகு மூன்று வாரமாகத் தினமும் இரண்டு, சாப்பாடு பாதிதான். ஒருநாள் காலை ஒரு மணி நேரம் ஆகியும் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை என்று மனைவி அழைத்து வந்தார்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகிலும் இடுப்பிலும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கன்றல்கள். கீழ்க்காலில், சாக்ஸ் முடியும் இடத்துக்கு மேலே, குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். ‘கொசு கடிச்சது’ என்றார். கண்ணாடித் தம்ளரின் அடிப்பக்கத்தை அந்தப் புள்ளிகள்மேல் வைத்து அழுத்தினேன். கொசுக்கடியாக இருந்தால் சிவப்பு மறைந்து வெளுக்கும். இவருக்கு மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். வெளியே வந்த ரத்தத்தை அழுத்தித் திரும்பக் குழாய்க்குள் அனுப்ப முடியாது அல்லவா? உடம்பில் பாரம் அதிகம் இறங்கும் இடம் கால் என்பதால் புள்ளிகள் முதலில் அங்கேதான் தெரியும்.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட், அதாவது தட்டணு, ஒரு மைக்ரோலிட்டருக்கு 38,000 என்று வந்தது. இயல்பாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும்.

டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் என்ற சொல் இப்போது டீக்கடையிலும் புழங்குகிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. தட்டணு முழு அணுவே அல்ல, ஓர் அணுவின் துணுக்கு. மஜ்ஜைக்குள் மெகாகேரியோசைட் என்று ஒரு பெரிய அணு இருக்கிறது. மஜ்ஜையில் அதைவிடப் பருத்த அணுக்கள் அபூர்வம். முதிர்ந்ததும் அது மஜ்ஜையின் ரத்தக் குழாய்க்குள் நீண்ட விரல்களை நீட்டும். ரத்த ஓட்டம் அந்த விரல்களைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போகும். அந்தத் துண்டுகள்தான் தட்டணுக்கள். ஒரு தாய் அணுவிலிருந்து ஆயிரக்கணக்கில் கிடைக்கும். நாள் ஒன்றுக்கு ஒரு மனிதருக்குச் சுமார் பத்தாயிரம் கோடி தட்டணு தயாராகிறது. ஏன் இவ்வளவு என்றால், அவற்றின் ஆயுள் வெறும் எட்டு முதல் பத்து நாள். ரத்தக் குழாயில் எங்கே சிறு கீறல் விழுந்தாலும் முதலில் போய் ஒட்டி அடைப்பவை இவைதான். நடக்கும்போதும் தும்மும்போதும் நமக்குத் தெரியாமலே நுண்குழாய்கள் விரிசல் விடுகின்றன. அவற்றை அடைக்கப் போதுமான தட்டணு இல்லாவிட்டால் அந்த விரிசல்கள் கன்றலாகவும் புள்ளியாகவும் வெளியே தெரியும்.

இங்கே அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். பாய்லருக்கு மேலே பங்கரில் லிக்னைட் மட்டம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். சுரங்கத்தில் வெட்டுவது குறைந்திருக்கலாம். வெட்டியது ஸ்டாக் யார்டிலேயே குவிந்து கிடக்கலாம். அல்லது பாய்லர் வழக்கத்தைவிட வேகமாக எரிக்கலாம். பங்கர் மட்டத்தை மட்டும் பார்த்தால் எந்தக் காரணம் என்று தெரியாது. தட்டணு எண்ணிக்கையும் பங்கர் மட்டம் மாதிரிதான். மஜ்ஜையில் உற்பத்தி குறைந்ததா, மண்ணீரலில் தேங்கி நிற்கிறதா, வெளியே வேகமாக அழிகிறதா? 38,000 என்ற எண் இதற்குப் பதில் சொல்லாது. மண்ணீரலை ஸ்டாக் யார்டு என்று நான் சும்மா சொல்லவில்லை. உடம்பில் உள்ள தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் அங்கேதான் இருக்கும்.

குடிப்பவருக்கு வந்த சங்கடம் என்னவென்றால், மூன்று வழியும் அவருக்குத் திறந்திருக்கிறது. ஆனால் எந்த வழி என்பதைப் பொறுத்து அவர் எதிர்காலமே மாறுகிறது.

முதலில் மஜ்ஜை. ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சாராயம். நம்மவர் மூன்று வாரமாக எடுத்தது நாளுக்கு 120 கிராம். சாராயம் நேராகக் கல்லீரலுக்கு மட்டும் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ரத்தத்தோடு ரத்தமாக எல்லா இடத்துக்கும் போகும், ஓயாமல் அணுக்கள் பிறந்துகொண்டிருக்கும் மஜ்ஜைக்கும் போகும். அது உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடும் அணுக்களுக்கு நஞ்சுதான். நன்றாகக் குடித்த ஐந்து முதல் ஏழு நாளில் மஜ்ஜையின் இளம் சிவப்பணுக்களுக்குள் வெற்றுக் குமிழிகள் தோன்றுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். தாய் அணுக்களின் கதை வேறு. பெரும்பாலும் அவை எண்ணிக்கையில் குறைந்திருக்காது. மஜ்ஜையைப் பார்த்தால் ‘ஆள் எல்லாம் டியூட்டியில்தானே இருக்கிறார்கள்’ என்று தோன்றும். ஆனால் முதிர்ந்து விரல் நீட்டி உடைய வேண்டிய கடைசிக் கட்டத்தில் வேலை நின்றிருக்கும். அப்படியும் வெளியே வந்த தட்டணுக்களின் ஆயுள் சற்றுக் குறைவு. கீறலில் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதிலும் சுணக்கம். ஆக எண்ணிக்கை காட்டுவதைவிடவும் ரத்தம் அதிகமாகக் கசியும்.

இதைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. குடிகாரர்களின் ரத்தம் கெடுவதற்குச் சத்தில்லாத சாப்பாடுதான் காரணம், சாராயம் நேரடியாக ஒன்றும் செய்யாது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். பாஸ்டன் நகர மருத்துவமனையில் லூயிஸ் சல்லிவன், விக்டர் ஹெர்பர்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1964-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஃபோலேட் என்ற வைட்டமின் குறைந்து ரத்தம் கெட்டிருந்த சில நோயாளிகளை வார்டில் வைத்து, மஜ்ஜை விழித்துக்கொள்ளப் போதுமான மிகச் சிறிய அளவு ஃபோலேட்டைக் கொடுத்தார்கள். கூடவே மதுவையும் கொடுத்தார்கள். மஜ்ஜை அசையவில்லை. மதுவை நிறுத்தினார்கள், மஜ்ஜை வேலையைத் தொடங்கியது. நோயாளிக்கு மதுவை ஊற்றிக் கொடுத்துச் செய்த சோதனை என்பதால் இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் அதற்கு லேசில் கையெழுத்துப் போடாது. ஆனால் சாராயமே குற்றவாளி என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது. அந்தச் சல்லிவன்தான் பின்னாளில் அமெரிக்க அரசின் சுகாதாரச் செயலர் ஆனார். 1968-இல் லிண்டன்பாம் முதலானவர்கள் தட்டணுவைப் பற்றித் தனியாகவே எழுதினார்கள்: குடிப்பவருக்குத் தட்டணு குறைகிறது, நிறுத்தினால் சில நாளில் ஏறுகிறது என்று.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என் பேச்சுக்கு ஆணிவேர். நிறுத்தினால் ஏறுகிறதா, எத்தனை நாளில் ஏறுகிறது என்பதே மஜ்ஜையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மலிவான, நம்பகமான சோதனை. இதற்கு ஊசி எலும்புக்குள் போக வேண்டியதில்லை.

நம்மவரை வார்டில் சேர்த்தோம். முதல் வேலை மூக்கு. அவர் தலையை அண்ணாந்து வைத்திருந்தார். மனைவி உச்சியில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், வயிற்றில் போய்க் குமட்டும், நின்றுவிட்டது என்று நாம் ஏமாந்துபோவோம். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பாகத்தை இரண்டு விரலால் விடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் ‘நின்னுச்சா’ என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. எல்லோரும் செய்யும் தப்பு அதுதான். அரை மணி ஆகியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். இவருக்கு மூக்கில் பஞ்சுத் திரி வைத்து நிறுத்தினோம். தட்டணு ஏற்றவில்லை. 38,000-இல், பெரிய ரத்தப்போக்கு இல்லாதவருக்கு, அது தேவைப்படாது. பத்தாயிரத்துக்குக் கீழே போனால் தானாகவே ரத்தம் கசியும் ஆபத்து மிகும். அப்போது கதை வேறு.

அடுத்து, ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி நானே பார்த்தேன். இதைச் செய்யாமல் எந்தத் தட்டணு எண்ணையும் நம்பக் கூடாது. ரத்தம் எடுக்கும் குழாயில் இருக்கும் மருந்தால் சிலருக்குத் தட்டணுக்கள் திரண்டு கட்டியாகிவிடும். கருவி அவற்றை எண்ணாமல் விட்டுவிட்டு, நன்றாக இருப்பவருக்கு ‘நாற்பதாயிரம்’ என்று எழுதி வயிற்றில் புளியைக் கரைத்துவிடும். இவருக்குத் திரள் இல்லை, உண்மையிலேயே குறைவு. ஆனால் அந்தக் கண்ணாடியில் இன்னொன்று தெரிந்தது. சிவப்பணுக்கள் எல்லாம் பருத்திருந்தன. பரிசோதனைச் சீட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி வரும், சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80 முதல் 100 வரை இருக்கலாம். இவருக்கு 108. ஹீமோகுளோபின் 11.2. வெள்ளணு 3,600, அதுவும் சற்றுக் குறைவு. மூன்று வகை அணுவும் ஒரே மஜ்ஜையில் பிறப்பவை. மூன்றிலும் தழும்பு இருந்தால் விரல் மஜ்ஜையை நோக்கி நீள்கிறது.

டெங்குவும் பார்த்தோம். மழைக்காலத்தில் கடலூர் மாவட்டத்தில் தட்டணு குறைந்து வருபவரிடம் அதைப் பார்க்காமல் விடுவது மடத்தனம். ஒரு சங்கடம் உண்டு: டெங்குவிலும் தட்டணு விழுந்து ஒரு வாரத்தில் ஏறிவிடும். ஏற்றத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. டெங்குவுக்குக் காய்ச்சல் இருக்கும், கண்ணுக்குப் பின்னால் வலி இருக்கும், ரத்தம் கெட்டியாகும். ஆனால் சிவப்பணு பருக்காது. இவருக்குக் காய்ச்சலே இல்லை, டெங்குச் சோதனையும் இல்லையென்று வந்தது. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. மண்ணீரல் 11 சென்டிமீட்டர், இயல்பான அளவு. ரத்தம் உறையும் நேரமும் சரியாக இருந்தது. ஆக ஸ்டாக் யார்டு நிரம்பி வழியவில்லை. சுரங்கத்தில்தான் வேலை நின்றிருக்கிறது.

இரண்டாம் நாள் கை நடுங்கத் தொடங்கியது. அன்று இரவு சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொன்னார். இதை எதிர்பார்த்துத்தான் வார்டில் சேர்த்திருந்தோம். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் புத்தி தடுமாறி, வேர்த்து, உயிரே போகலாம். தட்டணு குறைந்தவர் வலிப்பில் விழுந்து தலையில் அடிபட்டால் மூளையில் ரத்தம் கசியும். ஆகவே நடுக்கத்துக்கு மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும், ஃபோலேட்டும் கொடுத்தோம். பி1-ஐ நரம்பு வழியாகத்தான், அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். இடுப்பில் ஊசி போடவில்லை; போட்ட இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ரத்தம் கட்டியிருக்கும். முதுகு வலிக்கு வழக்கமாகப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் நிறுத்தினோம். வலி மாத்திரைகள் இருக்கிற கொஞ்சத் தட்டணுவையும் ஒட்டவிடாமல் செய்யும். ஆஸ்பிரின் இன்னும் மோசம்: அது தொட்ட தட்டணு அதன் ஆயுள் முழுக்க, பத்து நாளும், உதவாது. ராத்திரி பிராந்தி, காலையில் தலைவலிக்கு ஆஸ்பிரின் என்று ஓட்டுபவர்கள் இந்த அவையில் யாரும் இல்லை என்று நம்புகிறேன்.

இப்போது எண்களைப் பாருங்கள். மூன்றாம் நாள் 41,000. வீட்டார் முகம் வாடிவிட்டது. ஐந்தாம் நாள் 92,000. ஏழாம் நாள் 1,68,000. பன்னிரண்டாம் நாள் ஐந்து லட்சத்தைத் தாண்டியது!

முதல் மூன்று நாள் ஏன் அசையவில்லை? சாராயத்தின் கை விலகிய பிறகு தாய் அணு முதிர்ந்து விரல் நீட்டி உடைய இரண்டு முதல் ஐந்து நாள் பிடிக்கும். பிறகு ஏன் இயல்பையும் தாண்டி ஐந்து லட்சம்? தட்டணு குறையும்போது, ‘இன்னும் செய், இன்னும் செய்’ என்று மஜ்ஜையைத் தூண்டும் த்ரோம்போபோயட்டின் என்ற சுரப்பு ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அந்தக் கட்டளையைக் கேட்டுத் தாய் அணுக்கள் வரிசையில் நின்றன. ஆனால் கதவு பூட்டியிருந்தது. பூட்டு திறந்ததும் எல்லோரும் ஒன்றாக வெளியே வந்துவிட்டார்கள். ஓரிரு வாரத்தில் தானாக இறங்கிவிடும். இவருக்கு நாலாவது வாரம் 2,60,000. நடுவில் இருக்கும் அந்த உச்சத்தில் அபூர்வமாகச் சிலருக்குக் காலில் ரத்தக் கட்டி ஏற்படலாம். அதனால் படுத்தே கிடக்காமல் நடக்கச் சொல்வோம்.

இந்த ஏற்றம்தான் நோய்க்குப் பெயர் சூட்டியது. மஜ்ஜை சாகவில்லை, மயங்கித்தான் கிடந்தது.

இந்த இடத்தில் பப்பாளி இலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவருடைய மாமியார் இரண்டாம் நாளிலிருந்து பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். ஐந்தாம் நாள் எண் ஏறியதும் யாருக்குப் பெயர் போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தம்மாவின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வார்டுக்குள் பிராந்தி கிடையாது. அந்த ஐந்து நாளில் எதைக் கொடுத்திருந்தாலும், கொத்தமல்லித் துவையலைக் கொடுத்திருந்தாலும், அதற்கே பெயர் கிடைத்திருக்கும். என் ஆரம்ப நாட்களில் நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்த ஏதோ ஒரு மாத்திரைதான் தட்டணுவை ஏற்றியது என்று இரண்டு வருடம் நம்பினேன். வீட்டுக்குப் போய் மாத்திரையோடு பிராந்தியையும் சாப்பிட்ட ஒருவர் திரும்பி வந்துதான் என் கண்ணைத் திறந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வீர்கள். இவர் பணி ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாகக் குடிக்கவில்லை. வீட்டார் சத்தியம் செய்கிறார்கள், நானும் நம்புகிறேன். தட்டணு 64,000. ஒரு மாதம் கழித்து 61,000. அடுத்த மாதம் 66,000. அசையவே இல்லை. வயிற்றில் கை வைத்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படுகிறது; ஸ்கேனில் 16 சென்டிமீட்டருக்கு மேல். உள்ளங்கை சிவந்திருக்கிறது, நெஞ்சில் சிலந்தி மாதிரி நரம்புகள், கணுக்கால் வீக்கம். இவருக்குக் கல்லீரல் சுருங்கித் தழும்பாகிவிட்டது. குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தத்துக்கு உள்ளே போக வழியில்லை. அழுத்தம் பின்னோக்கிப் போய் மண்ணீரலை ஊத வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு தட்டணு இருக்க வேண்டிய யார்டில் இப்போது பத்தில் எட்டு ஒன்பது பங்கு வரை முடங்கிவிடலாம். போதாததற்கு, மஜ்ஜைக்குக் கட்டளை அனுப்பும் அந்த த்ரோம்போபோயட்டின் பெரும்பாலும் கல்லீரலில்தான் தயாராகிறது. ரத்தம் உறைய உதவும் புரதங்களும் அங்கேதான். கல்லீரல் படுத்தால் எல்லாமே குறையும்.

இவரிடம் நான் பயப்படுவது மூக்கு ரத்தத்துக்கு அல்ல. நம் சுரங்கத்தில் லிக்னைட் படிவத்துக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்பதும், இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருப்பதும் உங்களுக்குத் தெரியும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். இவர் வயிற்றிலும் அப்படி ஓர் அழுத்தம் நிற்கிறது. பலவீனமான இடம் உணவுக்குழாயின் அடிப்பகுதி. அங்கே நாளங்கள் புடைத்துக்கொண்டு வெடித்தால் ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம். ஆகவே இவருக்குத் தட்டணு மாத்திரை தேடி அலைவதைவிட, எண்டோஸ்கோப்பி செய்து அந்த நாளங்களைப் பார்த்து, தேவைப்பட்டால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது முக்கியம். இருவருக்கும் பெயர் ஒன்றுதான், ‘தட்டணுக் குறைவு’. அந்த 46 வயதுக்காரரின் எண் இன்னும் மோசம், ஆனால் நோய் லேசு. இவருடைய எண் மேல், நோய் கனம். எண்ணைப் பார்த்துப் பயப்படுவதிலும் எண்ணைப் பார்த்துத் தைரியம் கொள்வதிலும் அர்த்தமில்லை என்பதற்காகத்தான் இருவரையும் அடுத்தடுத்து வைத்தேன். இரண்டு வழியும் ஒரே ஆளிடம் கலந்திருப்பதும் உண்டு. அப்போது எண் கொஞ்சம் ஏறி நின்றுவிடும்: ஏறிய அளவு மஜ்ஜையின் பங்கு, ஏறாமல் நின்றது மண்ணீரலின் பங்கு.

அப்படியானால் எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எப்போது எடுத்துப் பார்ப்பது? நோயாளியின் உறவினர் யாராவது ‘கேன்சரா இருக்குமோ, உடனே பாருங்க’ என்று நெருக்குவார்கள். குடித்துக்கொண்டிருப்பவரின் மஜ்ஜையை அவசரப்பட்டு எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். அணுக்களுக்குள் குமிழி, ஒழுங்கற்ற உட்கரு, வைட்டமின் பி6 வேலை செய்யாததால் இரும்புத் துகள்கள் வளையமாகச் சூழ்ந்த சிவப்பணுக்கள் என்று எல்லாம் தெரியும். பார்ப்பதற்கு அது ரத்தப் புற்றுக்கு முந்தைய நிலை ஒன்றைப் போலவே இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கலங்க வைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் குமிழியும் வளையமும் காணாமல் போயிருக்கும். ஆகவே காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு: ரத்தக் கண்ணாடியில் முற்றாத வெள்ளணுக்கள் தெரிந்தால், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி இருந்தால், குடியை நிறுத்திப் பத்துப் பதினைந்து நாள் ஆகி, மண்ணீரலும் சரியாக இருந்து, அப்போதும் எண் ஏறாவிட்டால். இந்த மூன்றில் குடியின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது பெரிய தவறு. பெட்ரோல், தின்னர், பென்சீன் போன்றவற்றைக் கையாளும் வேலையா என்றும் கேட்போம். பென்சீன் மஜ்ஜைக்கு நேர் எதிரி.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது எது? தொடையில் ஒரு கன்றல் அவசரமில்லை. அந்த வாரத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். வாய்க்குள், கன்னத்தின் உட்புறத்தில் கருஞ்சிவப்புக் கொப்புளம் இருந்தால் அன்றே வர வேண்டும். தோலில் வருவதைவிட ஈரமான இடத்தில் வருவது மோசமான அறிகுறி. கறுத்த மலம், ரத்த வாந்தி என்றால் அந்த நிமிடமே. குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபட்டவரை ‘போதை, தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். சாதாரண மனிதருக்கு நெற்றியில் வீக்கத்தோடு போகும் அடி, 30,000 தட்டணு உள்ளவருக்கு மண்டைக்குள் ரத்தமாகச் சேரும்; தூக்கம் என்று நினைத்தது தூக்கமாக இருக்காது.

அந்த 46 வயதுக்காரர் கதையை முடிக்காமல் விட்டேன். ஐப்பசியில் வந்தவர். தட்டணு ஒரே வாரத்தில் சரியானது, ஆனால் எம்.சி.வி. இரண்டு வாரம் கழித்தும் 107-தான். மனைவி கவலைப்பட்டார். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்று விளக்கினேன். குடித்த காலத்தில் பிறந்த பருத்த அணுக்கள் செத்து முடிந்து, புதியவை இடம் பிடிக்க மூன்று நாலு மாதம் ஆகும். அதாவது ஒரே ரத்தத் துளியில் இரண்டு நாட்குறிப்பு இருக்கிறது. தட்டணு கடந்த பத்து நாளைப் பற்றிப் பேசும். சிவப்பணு கடந்த நாலு மாதத்தைப் பற்றிப் பேசும். பொங்கல் கழித்து வந்தபோது 94. நன்றாக இருந்தார், மகளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது.

சித்திரையில் மறுபடி வந்தார், இந்த முறை தனியாக. தட்டணு 2,30,000. எம்.சி.வி. 101.

“எப்படி இருக்கீங்க? மருந்தெல்லாம் போடறீங்களா?”

“போடறேன் சார். குடியெல்லாம் இல்ல சார்.”

“எத்தனை நாளா இல்ல?”

கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “பத்து நாளா.”

“அதத்தான் பிளேட்லெட்டும் சொல்லுது. அதுக்கு முன்னாடி?”

சிரித்துவிட்டார். “கல்யாணம் மாசியில சார்” என்றார்.